மரவாளை எப்போது கீழே வைப்பது? – ஜப்பானிய வாள்பயிற்சி கேள்வி பதில்

இரண்டு வருஷமாக மரவாளே தருகிறார்கள். உருக்கு வாள் பிடித்தால்தானே கை பழகும்?

இருவர் எதிரெதிரே நின்று பழகும் பாடம் முழுக்க மரவாளில்தான். உருக்கோடு உருக்கு மோதினால் வாளின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், பல் விழுந்துவிடும். பொக்கென் என்ற மரவாளை கெட்டியான ஓக் மரத்தில் செய்வதால் மோதலைத் தாங்கும். அதன் பிடி உருண்டையாக இருக்காது, முட்டை வடிவில் இருக்கும். வாய் எந்தப் பக்கம் என்று பார்க்காமலே கைக்குத் தெரிவது அதனால்தான்.

மரம்தானே, பட்டால் வீங்கும், அவ்வளவுதான்?

பாதி சரி. 1612இல் ஜப்பானிய வாள்வீரர் முசாஷி, இன்னொரு வாள்வீரரான கொஜிரோவை ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையில் வீழ்த்தியதே மரவாளால்தான் என்பார்கள். அதனால்தான் மரவாள் பாடத்தில் அடியை உடம்புக்கு முன்பே நிறுத்தப் பழக்குகிறார்கள். முழு வேகத்தில் அடித்துக்கொள்ள, கெண்டோ என்ற ஜப்பானிய வாள் விளையாட்டில் மூங்கில் பட்டைகளைக் கட்டிய ஷினாய் இருக்கிறது, அதுவும் கவசத்தோடு.

கூர் இல்லாத பயிற்சி வாள் வாங்கியிருக்கிறேன். சாணை பிடித்து வாழைத்தண்டு வெட்டலாமா?

வேண்டாம் தம்பி. அது பெரும்பாலும் துத்தநாகமும் அலுமினியமும் கலந்த வார்ப்பாக இருக்கும். எதிலாவது ஓங்கி அடித்தால் ஒடிந்து பறக்கும். உருவுவதற்கும் உறையில் போடுவதற்கும்தான் அது.

ரத்தம் வருவதும் அங்கேதான். இடது கையால் உறைவாயைப் பிடித்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வாளின் முதுகை வழுக்கிக்கொண்டே போய், நுனி உள்ளே விழுந்ததும் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் நுனி கையில் குத்தும். எனக்கு நாலைந்து கீறலோடு போனது. உருக்கு வாளாக இருந்தால் தையல் போட வேண்டியிருந்திருக்கும்.

உருவும்போது வாய் உறையை அழுத்தினால் இன்னும் மோசம். கூரான வாள் உறையைப் பிளந்துகொண்டு உள்ளங்கைக்கே வந்துவிடும். பயிற்சி முடிந்ததும் உறையைக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். மரத்தூள் விழுகிறதா? அப்படியானால் உருக்குப் பேச்சை எடுக்காதீர்கள்.

நான் சிலம்பம் ஆடுகிறேன். அங்கேயும் கம்புக்கு அப்புறம்தான் வாள். ரெண்டும் ஒன்றுதானே?

வரிசை ஒன்றுதான், காரணம் வேறு. கம்பு உருண்டை, எந்தப் பக்கம் பட்டாலும் அடி அடிதான். வாளின் வாயும் அது போகும் பாதையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கம்பு பழகியவர்கள் வாளெடுத்தால் மணிக்கட்டைச் சுழற்றிவிடுவார்கள். நனைத்துச் சுருட்டிய பாயை வெட்டும்போது அது தெரிந்துவிடும்: வெட்டுமுகம் சமமாக இல்லாமல் கரண்டி போலக் குழிந்திருக்கும். கோணம் ரொம்பத் தப்பினால் வாளே வளையும்.

பக்கவாட்டில் நீளமாகப் பள்ளமிட்ட வாள் வீசும்போது "விஷ்" என்று சத்தம் போட்டால் கோணம் சரி என்கிறார்களே?

ஓரளவுக்கு உண்மை. ஆனால் அந்தச் சத்தத்துக்காகவே வீசுகிற பழக்கம் வந்துவிடுகிறது. எங்கள் வகுப்பிலேயே மூத்தவர் ஒருவர் பள்ளமில்லாத வாள்தான் வேண்டும் என்பார், இன்னொருவர் புதியவர்களுக்குச் சத்தம் அவசியம் என்பார். நான் முதலாமவர் பக்கம்.