அகஜானன ஸ்லோகமும் என் பொண்ணு கேட்ட ரெண்டு கேள்வியும்

கேள்வி: "அகஜானன பத்மார்க்கம் ஸ்லோகத்துக்கு சிம்பிளா இங்கிலீஷ்ல என்ன அர்த்தம்? நெட்ல ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு போட்டிருக்காங்க."

உங்க வீட்லயும் ஒரு குழந்தை மைக் முன்னாடி நின்னு ஸ்லோகம் சொல்லிட்டு மீனிங்கும் சொல்லணும்னு யாரோ சொல்லியிருப்பாங்கன்னு நினைக்கறேன், எங்க வீட்ல அப்படித்தான் ஆரம்பிச்சுது. நாங்க பெங்களூர்ல மல்லேஸ்வரம் பக்கம் ஒரு அபார்ட்மெண்ட்ல இருக்கோம், வருஷா வருஷம் சதுர்த்திக்கு கீழ ஷாமியானா போட்டு பசங்க ப்ரோக்ராம் நடக்கும். தமிழ், கன்னடம், தெலுங்கு, ஹிந்தின்னு எல்லா வீட்டு ஜனமும் உக்காந்திருக்கறதால மீனிங் மட்டும் இங்கிலீஷ்ல. என் பொண்ணுக்கு அப்ப பத்து வயசு. மனப்பாடம் பண்ணிட்டு வந்து கேட்டா, "அம்மா, முதல்ல யானை முகம் இல்லாதவன்னு சொல்றாங்க, உடனே யானை முகம்னு சொல்றாங்க, அப்புறம் நிறைய தந்தம்னு சொல்லிட்டு ஒரே தந்தம்னு முடிக்கறாங்க, இது தப்பா எழுதியிருக்கா?"

அவ படிச்சதுல தப்பே இல்லங்க. காதுல அப்படித்தான் விழும், எழுதினவர் விழணும்னுதான் எழுதியிருக்கார். முரண் மாதிரி தோணும், பிரிச்சா முரண் இருக்காது, இதுக்கு விரோதாபாசம்னு பேர். முழு ஸ்லோகம் இதுதான்:

அகஜானன பத்மார்க்கம் கஜானனம் அஹர்நிசம்
அநேகதம் தம் பக்தானாம் ஏகதந்தம் உபாஸ்மஹே

முன்னாடியே சொல்லிடறேன், நான் பண்டிதர் இல்ல. வாரம் ஒரு நாள்னு மூணு வருஷம் ஒரு ஆசிரியை கிட்ட சம்ஸ்கிருதம் படிச்சேன், அவ்வளவுதான். தமிழ்ல பிள்ளையார் பாட்டே இல்லையா, இது எதுக்குன்னு சண்டைக்கு வராதீங்க, அவ ஒளவையார் பாட்டும் சொல்லுவா. கேட்டது இதைப் பத்தி, அதனால இதைச் சொல்றேன்.

முதல் வார்த்தைதான் எல்லாரும் வழுக்கற இடம். அகஜானனன்னா அ + கஜானன இல்ல, அகஜா + ஆனன. 'க'ன்னா போறது, வேகமா போற குதிரைய துரகம்னு சொல்றோம்ல, அதே க. அ-கன்னா போகாதது, அசையாதது, அதாவது மலை. 'ஜா'ன்னா பொறந்தவ. ஆக அகஜா மலைக்குப் பொறந்தவ, பார்வதி. இதை பொண்ணுக்கு எப்படிப் புரிய வைக்கறதுன்னு யோசிச்சப்ப எதிர் வீட்டு கிரிஜா மாமி ஞாபகம் வந்தாங்க. கிரின்னாலும் மலை, கிரி-ஜா, அர்த்தம் அதேதான். சேத்துல பொறந்தது பங்கஜம், மலைல பொறந்தவ சைலஜா. நம்ம வீட்டுப் பேர்லயே எல்லாம் இருக்கு. பொண்ணு ஓடிப் போய் மாமி கிட்ட "உங்க பேர் ஸ்லோகத்துல இருக்கு"ன்னு சொல்லிட்டு வந்தா. ஆனனன்னா முகம்.

அடுத்தது பத்மார்க்கம். பத்மம் தாமரை, சரி. அர்க்கன்னு டிக்‌ஷனரில பாத்தா ரெண்டு அர்த்தமும் இருக்கும், சூரியன், எருக்கஞ்செடி. பிள்ளையாருக்கு எருக்கமாலை போடறோம் இல்லையா, அதனால தாமரையும் எருக்கும் அணிந்தவன்னு யாராவது எழுதினா கேக்கறவங்களுக்கு சரின்னுதான் படும். இங்க அது பொருந்தாது, ஏன்னா அப்படி எடுத்தா முன்னாடி நிக்கற அம்மா முகத்துக்கு வேலையே இல்லாம போயிடும். அம்மா முகம்ங்கற தாமரைக்கு இவன் சூரியன், இவனைப் பாத்ததும் அது மலரும். தாமரை முகம் கொண்டவன்னு பிள்ளையார் மேல ஏத்தறதும் தப்பு. எப்படி கண்டுபிடிக்கலாம்னா கடைசி 'ம்' பாருங்க. பத்மார்க்கம், கஜானனம், அநேகதம், தம், ஏகதந்தம், இந்த அஞ்சும் 'ம்'ல முடியற செயப்படுபொருள், அஞ்சும் ஒரே ஆள். அகஜானனவுக்கு அந்த 'ம்' கிடையாது, அதனால அது தனியா நிக்காது, பத்மார்க்கத்தோட ஒட்டின தொகை. (அஹர்நிசத்துலயும் ம் இருக்கேன்னு கேப்பீங்க, அது வினையடை, இரவும் பகலும்னு அர்த்தம்.)

ரெண்டாவது வரில அநேகதம் தம். 'த'ன்னா கொடுக்கறவர், வரதன்ல இருக்கற அதே த. அநேகத நிறைய கொடுக்கறவர், தம் அவரை, பக்தானாம் பக்தர்களுக்கு. சேத்துச் சொன்னா அநேகதந்தம்னு ஆயிடும், அதான் பொண்ணு நிறைய தந்தம்னு நினைச்சா. அநேக-ங்கறதே அன் + ஏக, ஒண்ணு இல்லாதது. ஆக ரெண்டு வரிலயும் முன்னாடி ஒரு மறுப்பு நிக்குது, அகஜா கஜா, அநேக ஏக. முதல் வரில அந்த அ யானைய மறுக்கல, போறதை மறுக்குது. நான் இதை கண்டுபிடிச்ச அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

தமிழ் எழுத்துல பாத்து படிக்கற குழந்தைன்னா ஒண்ணு கவனிங்க. அநேகதம்ல வர்ற த பந்துல வர்ற த மாதிரி மெல்லிசு, அடுத்த தம் தங்கத்துல வர்ற த மாதிரி அழுத்தம். ஏகதந்தம்ல முதல் த மெல்லிசு, ந்-க்கு அப்புறம் வர்றது அழுத்தம், நம்ம வாய் பழக்கத்துல ரெண்டையும் பந்து மாதிரியே சொல்லிடுவோம்.

தந்தத்துக்கு இங்கிலீஷ்ல டூத்னு போடாதீங்க, டஸ்க்னு போடுங்க. சம்ஸ்கிருதத்துல தந்தம்னா பல்லும்தான், ஆனா தமிழ்ல தந்தம்னாலே யானைத் தந்தம்தான், இந்த இடத்துல தமிழ் தெரிஞ்சவங்களுக்கு சந்தேகமே வராது. இதைச் சொல்லும்போது ஒரு விஷயம் மனசுல வருது. சென்னைலேர்ந்து வர்ற சொந்தக்காரங்க வந்ததும் வராததுமா "பெங்களூர் போய் தமிழை விட்டுட்டீங்க"ன்னு ஆரம்பிப்பாங்க. என் பொண்ணுக்கு ஸ்கூல்ல தமிழ் பாடமே கிடையாது, நான் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம் உக்காத்தி வெச்சு எழுத்து சொல்லிக் கொடுத்தேன், அவ அந்த ஸ்லோகத்தை தமிழ் எழுத்துல எழுதித்தான் படிச்சா. அதை அவங்க ஒருத்தரும் கேட்டதில்ல.

கடைசி வார்த்தை உபாஸ்மஹே. உப கிட்ட, ஆஸ் உக்காரறது, மஹே நாங்க. கிட்ட உக்காந்து வழிபடறோம். வழிபடறேன் இல்ல. நான் எழுதிக் கொடுத்த மீனிங்ல வீன்னு தெளிவா இருந்துது, நிகழ்ச்சி நோட்டீஸ் அடிச்சவங்க யாரோ அதை ஐன்னு மாத்தி, கூடவே லார்ட், சுப்ரீம்னெல்லாம் சேத்துட்டாங்க. கேட்டா அப்பதான் பக்தியா இருக்கும்னாங்க. மூலத்துல இல்லாத வார்த்தைய சேத்தா பக்தி அதிகமாயிடாதுங்க, மஹேனு பன்மை போட்டவர் அந்த ஷாமியானாவுல இருந்த எல்லாரையும் சேத்துத்தான் போட்டிருக்கார். என் பொண்ணு மேடைல நோட்டீஸை மடிச்சு கீழ வெச்சுட்டு நாங்க எழுதினதைத்தான் சொன்னா:

"டே அண்ட் நைட் வீ வொர்ஷிப் தி எலிஃபன்ட்-ஃபேஸ்ட் ஒன். ஹிஸ் மதர், டாட்டர் ஆஃப் தி மவுன்டன், ஹாஸ் எ ஃபேஸ் லைக் எ லோட்டஸ், அண்ட் ஹீ இஸ் தி சன் தட் ஓபன்ஸ் இட். ஹீ ஹாஸ் ஒன் டஸ்க், அண்ட் ஹீ கிவ்ஸ் மெனி திங்ஸ் டு தோஸ் ஹூ லவ் ஹிம்."

இதுல ஒன், மெனி ரெண்டும் பக்கத்துல வர்றதால பின்பாதி விளையாட்டு கொஞ்சம் மிஞ்சுது. அகஜா கஜா இங்கிலீஷ்ல வரவே இல்ல, நாலு நாள் முட்டிப் பாத்துட்டு விட்டுட்டேன். அதை மட்டும் குழந்தை மீனிங் சொல்றதுக்கு முன்னாடி ஒரு வரி வாயால விளக்கிடட்டும், என் பொண்ணு கிரிஜா மாமிய கை காட்டித்தான் விளக்கினா.