அமைதியை வெட்டும் பொத்தான் பாட்டியின் பேச்சை மாற்றியது ஏன்?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். பழைய ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய பாட்டியை 42 நிமிடம் கைத்தொலைபேசியில் பதிவு செய்து, நீளத்தைக் குறைக்க அமைதியை அகற்றும் வசதியை அழுத்தினேன். "கங்காணி அடிக்கல, அனுப்பிட்டாரு" என்று பாட்டி சொன்னது இப்போது "கங்காணி அடிக்க அனுப்பிட்டாரு" என்று கேட்கிறது. டவுனில் ஒருவர் 150 வெள்ளிக்கு எடிட் செய்து, ஸ்பாட்டிஃபையிலும் பதிந்து தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். நீங்கள் அழுத்திய அதே பொத்தானைத்தான் அவரும் அழுத்துவார் என்பது முதல் காரணம். இரண்டாவது காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அந்தப் பொத்தானுக்குச் சொல் தெரியாது, ஒலியின் அளவு மட்டுமே தெரியும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே ஒலி இறங்கி, குறிப்பிட்ட நேரம் அங்கேயே இருந்தால், அதை அமைதி என்று எண்ணி வெட்டிவிடும். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. இல்லை என்று மறுக்கும் சொல்லோ அந்த வினைக்கும் பின்னால், மூச்சு தீர்ந்து குரல் தாழும் இடத்தில் வந்து நிற்கிறது. வயதானவர்கள் பேசும்போது அந்த "ல" பாதி மூச்சாகவே வெளிவரும். அந்த "ல"வும் அதற்குப் பின் பாட்டி எடுத்துக்கொண்ட இடைவெளியும் சேர்ந்து ஒரே அமைதியாகக் கணக்கிடப்பட்டு, ஒன்றாகப் போய்விட்டன. ஓர் எழுத்து போனதில், அடிக்காத மனிதர் அடிக்க ஆள் அனுப்பியவராகிவிட்டார்.

இன்னோர் இழப்பும் நேர்ந்திருக்கும். பத்து, பாட்டு, அக்கா போன்ற சொற்களின் நடுவே நாக்கோ உதடோ காற்றை அடைத்து நிற்கும் கணம் உண்டு; அது நொடியில் பத்தில் ஒரு பங்கு, நிதானமாகப் பேசுபவரிடம் அதற்கும் மேல். அந்தக் கணத்தில் ஒலியே இராது, ஆனால் அது சொல்லின் உறுப்பு. மிகச் சிறிய இடைவெளியையும் வெட்டும்படி செயலியை அமைத்திருந்தால், இந்த அடைப்புகளெல்லாம் நறுக்கப்பட்டு, பேச்சு விழுங்கியதுபோல ஒலிக்கும். செயலிகளில் முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கும் அளவுகள் தமிழ்ப் பேச்சைக் கேட்டு வைக்கப்பட்டவை அல்ல. இத்தனை ஆண்டுகளாக நம் மக்கள் இவற்றைப் பயன்படுத்தியும், அந்த அளவுகளை விளக்கித் தமிழில் ஒரு வரி எழுத யாருக்கும் நேரம் கிடைக்காதது எனக்கு மிகுந்த எரிச்சலைத் தருகிறது.

ஆகவே மூலப் பதிவுக்குத் திரும்புங்கள். அதை நகலெடுத்து, நகலில் மட்டும் கை வையுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் Lexis Audio Editor, ஐபோன் என்றால் Ferrite போன்ற, ஒலியலையைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு செயலி போதும். முதலில் பெரிய துண்டுகளை நீக்குங்கள்: தேநீர் கொண்டு வந்த பேச்சு, இரண்டு முறை சொன்ன கதை, வாசலில் மோட்டார் நின்ற நேரம். 42 நிமிடம் 30 நிமிடமாவது இங்கேதான். இடைவெளிகளைச் சுரண்டி மிச்சமாவது சில நிமிடமே, அதற்காகத்தான் பாட்டியின் சொல் பலியானது.

பிறகு, மிக நீண்ட இடைவெளிகளை மட்டும் கையால் குறைக்க வேண்டும். வாக்கியத்தின் முடிவில் அலை தட்டையாகத் தெரிந்தாலும் அங்கே வெட்டாதீர்கள். பெரிதாக்கிப் பார்த்து, காதுக்கருவியில் கேட்டு, கடைசி எழுத்து முடிந்த பிறகும் அரை நொடியாவது விட்டு வெட்டுங்கள். அடுத்த வாக்கியத்தின் தொடக்கத்துக்கு முன்னால் மூச்சு இழுக்கும் ஒலி இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். கடைசிச் சொல் உண்மையிலேயே தாழ்ந்திருந்தால், அந்தச் சொல்லை மட்டும் தேர்ந்தெடுத்து 4 டெசிபெல் உயர்த்துங்கள். உங்கள் "அடிக்கல" இதனால் மீண்டுவிடும்.

அந்தப் பொத்தானுக்கு நான் ஒரே ஒரு விலக்குத் தருகிறேன், அது உங்கள் சொந்தக் குரல். முன்னுரையைத் தனியாக, கைப்பேசியை அருகில் வைத்து, ஒரே சீராகப் பேசிப் பதிந்திருந்தால், அந்தக் கோப்பில் மட்டும் பயன்படுத்தலாம். அப்போதும் அமைதி என்று எண்ணும் ஒலியளவை -45 டெசிபெல்லுக்கும், அந்த அமைதி நீடிக்க வேண்டிய குறைந்தபட்ச நேரத்தை ஒரு நொடிக்கும் மாற்றி, வெட்டிய இடத்தில் 0.4 நொடி மிஞ்சும்படி அமைக்க வேண்டும். பாட்டியிடம் நீங்கள் கேட்ட கேள்விகள் இந்த விலக்கில் சேரா. ஏனென்றால் அவை பாட்டியின் குரல் இருக்கும் அதே கோப்பில் இருக்கின்றன, பொத்தான் ஆள் பார்த்து வெட்டாது. உங்கள் முன்னுரையும் மழை நாளில் தகரக் கூரையின் கீழ் பதிந்ததானால் விலக்கு இல்லை. அங்கே மழையொலியே அந்த அளவுக்கு மேலே இருக்கும் என்பதால் பொத்தான் எதையும் வெட்டாது, நீங்கள் பொறுமையிழந்து அளவை உயர்த்துவீர்கள், மறுபடியும் சொல்தான் போகும்.

அடுத்த பதிவில் கைப்பேசியின் அடிப்பக்க ஒலிவாங்கி பாட்டியின் வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் இருக்கட்டும். தொலைவு இரட்டிப்பானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும், காற்றாடியின் இரைச்சலோ குறையாது. காற்றாடியை நிறுத்தி, விமானப் பயன்முறையை இட்டு, தொடங்கும் முன் யாரும் பேசாமல் பத்து நொடி பதியுங்கள். இருமலை நீக்கும் இடத்தில் அந்த வெற்று அறையொலியை ஒட்டினால் குழி விழுந்ததுபோல் கேட்காது.

இப்போது அந்த 150 வெள்ளிக்காரர். ஸ்பாட்டிஃபையில் பதிவதற்குக் கட்டணம் இல்லை; Spotify for Creators என்பதில் நீங்களே இலவசமாக ஏற்றலாம். அவர் விற்பது அந்த இலவசத்தைத்தான். அதைவிடக் கேடு, பல இடைத்தரகர்கள் நிகழ்ச்சியைத் தங்கள் மின்னஞ்சலில் பதிந்துகொள்வார்கள். பின்னாளில் நிகழ்ச்சி உங்களுடையது என்று நிரூபிக்க வேண்டி வந்தால், சரிபார்ப்புக் குறியீடு அந்த மின்னஞ்சலுக்குத்தான் போகும். என்னிடம் வந்த ஒருவர், தன் தந்தையின் குரல் இருந்த மூன்று எபிசோடுகளை இப்படி ஒருவரிடம் விட்டுவிட்டு, மூலக் கோப்பும் இல்லாமல், அவர் தொலைபேசி எடுக்கும் நாளுக்காகக் காத்திருந்தார். கடவுச்சொல் கேட்பவரிடமும், மூலக் கோப்பைத் திருப்பித் தராதவரிடமும் எதையும் கொடுக்காதீர்கள்.

வேலை முடியும் வரை WAV கோப்பாகவே சேமியுங்கள். ஒற்றைத் தடத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 எம்பி ஆகும், ஆகவே 42 நிமிடத்துக்கு 220 எம்பிக்கு மேல் இடம் வேண்டும். MP3 ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ஒலியில் கொஞ்சத்தைத் தூக்கியெறியும் என்பதால் அதைக் கடைசியில் ஒரே முறை செய்ய வேண்டும்: Mono, 96 kbps. 30 நிமிடம் 22 எம்பிக்குள் அடங்கும். தோட்டப்பக்கத்து அலைவரிசை இரவில் ஒரு கோடு காட்டினாலும் ஏறிவிடும். நகரத்துக்குத் தரும் வேகத்துக்கு நாமும் அதே கட்டணம்தான் கட்டுகிறோம் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. பாட்டியின் குடும்பத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, குரல்செய்தியாகப் பதிந்து அனுப்பாமல் Document என்பதைத் தேர்ந்து கோப்பாகவே அனுப்புங்கள்.

ஏற்றுவதற்கு முன், MP3 கோப்பை முழுவதும் ஒருமுறை கேட்டு, நீங்கள் வெட்டிய இடங்களில் வரும் ஒவ்வொரு "இல்ல", "மாட்டேன்", "கிடையாது" ஆகியவற்றையும் மூலப் பதிவோடு ஒப்பிடுங்கள். இயன்றால் பாட்டியையே அருகில் உட்காரவைத்துக் கேளுங்கள். தான் சொல்லாதது வந்தால் அவர் உடனே சொல்லிவிடுவார்.