மைல்கல் வயது, தடுப்பூசி அட்டவணை எல்லாம் மனப்பாடம். ஆனாலும் குழந்தை மருத்துவத் தேர்வில் கேஸாகக் கேட்டால் தப்பாகவே போகிறது, ஏன்?

பட்டியல் உங்களுக்குத் தலைகீழாகத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன். எனக்கும் தெரிந்திருந்தது. அப்படியும் வைவாவில் ஒரே குழந்தையை வைத்து இரண்டு முறை சொதப்பினேன், அதுவும் எதிரெதிர்த் திசையில்.

குழந்தைக்கு 6 மாதம். தலை ஆடாமல் நிற்கிறது, வாய்விட்டுச் சிரிக்கிறது, இரண்டு கையையும் நீட்டிப் பொம்மையைப் பிடிக்கிறது. ஆனால் கையை முன்னால் ஊன்றிக்கூட உட்காரவில்லை. பொம்மையைக் கை மாற்றவும் இல்லை. "வளர்ச்சித் தாமதம்" என்றேன். தேர்வாளர் ஒன்றும் பேசாமல் கேஸ் ஷீட்டின் முதல் வரியில் விரலை வைத்தார். 32 வாரத்தில் பிறந்த குழந்தை. அந்த வரியை எழுதியதே நான்தான்.

கணக்கு சின்னது. 40 வாரத்தில் 32 போக 8 வாரம், அதாவது சுமார் 2 மாதம். 6 மாதத்தில் அதைக் கழித்தால் கரெக்டட் ஏஜ் 4 மாதம். அந்தக் குழந்தை செய்தது எல்லாம் 4 மாதக் குழந்தை செய்வதுதான், ஆகவே தாமதம் இல்லை. மூளை முதிர்வது கரு உண்டான நாளிலிருந்து நடக்கும் வேலை. முன்கூட்டியே பிறந்துவிட்டதால் அது வேகமெடுக்காது. பொதுவாக 2 வயது வரை இப்படிக் கழித்துத்தான் பார்ப்பார்கள். எடை, நீளம், தலைச்சுற்றளவை வரைபடத்தில் குறிப்பதும் இந்த வயதுக்குத்தான். அதற்காக எல்லாவற்றுக்கும் குறைப்பிரசவத்தைக் காரணம் சொல்ல முடியாது. இதே குழந்தைக்குத் தலை நிற்காமல், கை விரல்கள் மூடியே இருந்திருந்தால் 4 மாதக் கணக்கிலும் அது தாமதம்தான்.

அடுத்த கேள்வி: "சரி, தடுப்பூசி எப்போது?" நான் உஷாராகிவிட்டேனாம். "அதையும் 2 மாதம் தள்ளிப் போடலாம் சார்." அங்கேதான் இரண்டாவது அடி.

தடுப்பூசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு, டோஸையும் பாதியாக்கக் கூடாது. தாயின் ஐஜிஜி எதிர்ப்பொருள் பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது. 32 வாரத்தில் பிறந்தது அதில் நிறையவே இழந்துவிட்டது. மற்றவர்களைவிடப் பாதுகாப்பு குறைவான குழந்தையை நான் இன்னும் 2 மாதம் காக்க வைக்கப் பார்த்தேன். (2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தால் ஹெபடைடிஸ் பி முதல் டோஸுக்குத் தனி விதி உண்டு, தெரியும். கமெண்டில் யாரும் அதைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.)

இப்போது கேஸ் படித்ததும் பிறந்த வாரத்தை ஓரத்தில் எழுதி, கீழே இரண்டு வயது போடுகிறேன்: வளர்ச்சிக்கு ஒன்று, ஊசிக்கு ஒன்று.

என் கோபமெல்லாம் கொள்குறி வினா எழுதுகிறவர்கள் மேல்தான். "6 மாதக் குழந்தை" என்று ஆரம்பித்து, எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்றே சொல்லாமல், விடைகளில் 5 மாதத்தையும் 6 மாதத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறார்கள். கைமாற்றுவதற்கு ஒரு புத்தகத்தில் ஐந்தரை மாதம், இன்னொன்றில் 6. எதை டிக் அடிப்பது?