சிக்கிள் செல் குழந்தை: மண்ணீரல் வீக்கத்தையும் நெஞ்சுப் பாதிப்பையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: "ஒன்றரை வயதுப் பையனுக்கு சிக்கிள் செல் என்று சொல்லிவிட்டார்கள். திடீரென்று மண்ணீரல் வீங்கும், நெஞ்சில் பிரச்சினை வரும், உடனே தூக்கிக்கொண்டு வாங்க என்கிறார்கள். வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வது?"

நீலகிரியில் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். உங்கள் பையன் வயதுக்கு முதலில் மண்ணீரலைக் கற்றுக்கொள்ளுங்கள். அதில் நமக்குக் கிடைப்பது சில மணி நேரம்தான்.

இந்த நோயில் ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்து, மண்ணீரலிலிருந்து ரத்தம் வெளியேறும் வழியை அடைத்துவிடும். ரத்தம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், திரும்பி வராது. வெளியே ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமலே குழந்தை ரத்தம் இழந்து அதிர்ச்சி நிலைக்குப் போய்விடும். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் வரும். ஆனால் நம் பக்கத்துக் குழந்தைகள் பலருக்கு மண்ணீரல் கூடுதல் காலம் வேலை செய்வதால் அதற்குப் பிறகும் வரலாம். மூன்று வயது தாண்டிவிட்டது என்று பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

பையன் நன்றாக இருக்கும் நாளில் மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, வயிறு தளர்ந்ததும் கையை வையுங்கள். தொப்புளுக்கு வலப்பக்கம் கீழேயிருந்து தொடங்கி இடது விலா எலும்பை நோக்கி மெதுவாக மேலே வாருங்கள். அவன் மூச்சை இழுக்கும்போது உறுதியான ஒரு விளிம்பு விரலில் வந்து தட்டினால் அதுதான் மண்ணீரல். ஒன்றும் தட்டவில்லையென்றாலும் சரி, அதுவே அவனுடைய இயல்பு. தட்டினால் ஓர் ஐஸ் குச்சியின் முனையை இடது மார்புக்காம்பில் வைத்து, விளிம்பு வரும் இடத்தில் குச்சியில் பேனாவால் கோடு போடுங்கள். தினம் ஒரு தடவை, காய்ச்சல் வந்தால் இன்னும் அடிக்கடி பாருங்கள். கோட்டைத் தாண்டி இறங்கியிருந்தாலோ, குழந்தை சோர்ந்து, கீழ் இமையின் உட்புறமும் நாக்கும் வெளுத்திருந்தாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம். இரவானாலும் கிளம்புங்கள்.

இதற்கு என்ன பலன் என்று கேட்டால் ஜமைக்காவைச் சொல்வேன். அங்கே கிரஹாம் செர்ஜன்ட் என்ற சிக்கிள் செல் டாக்டரின் குழுவினர் தாய்மாருக்கு இதைத்தான் கற்றுக்கொடுத்தார்கள். முன்பு இந்த மண்ணீரல் வீக்கம் 100 முறை வந்தால் சுமார் 29 முறை குழந்தை இறந்தது. கற்றுக்கொடுத்த பிறகு அது சுமார் 3 ஆகக் குறைந்தது. ஆனால் இந்த நிலை வந்ததாகப் பதிவான எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. நோய் கூடியது என்பதைவிட, அதுவரை கண்ணில் படாமல் போனதெல்லாம் அம்மாக்களின் கையில் சிக்கியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்? வழக்கமாக ஹீமோகுளோபின் 8 இருக்கும் 10 கிலோ குழந்தைக்கு 4.5 என்று வருகிறது, மண்ணீரலும் பெருத்திருக்கிறது என்று வையுங்கள். வழக்கத்தைவிட 2 கிராம் குறைந்தாலே இந்த நிலைதான் என்று எடுத்துக்கொள்வோம். உடனே ரத்தம் ஏற்றுவோம், ஆனால் கிலோவுக்கு 5 மி.லி. அளவில், அதாவது 50 மி.லி. மாதிரி கொஞ்சமாக. "இவ்வளவுதானா?" என்று கேட்பார்கள். மண்ணீரல் தளர்ந்ததும் அடைபட்ட ரத்தம் தானாகத் திரும்பி வரும். ஏற்கனவே நிறைய ஏற்றியிருந்தால் ரத்தம் கெட்டியாகி வேறு ஆபத்து வந்துவிடும். ஒரு முறை வந்தால் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். திரும்பத் திரும்ப வந்தால் மண்ணீரலை எடுப்பது பற்றி டாக்டர் பேசுவார்.

நெஞ்சு விஷயம் வேறு மாதிரி. சின்னக் குழந்தைக்குச் சளி, காய்ச்சல், வேக மூச்சு என்று நிமோனியா போலவே வரும். பெரிய பிள்ளைக்குப் பல சமயம் வார்டிலேயே தொடங்கும். முதுகு வலி, கால் வலி என்று சேர்ந்திருப்பான், இரண்டாம் மூன்றாம் நாளில் காய்ச்சல் ஏறும், விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு 97 இருந்தது 92க்கு இறங்கும். எக்ஸ்ரேயில் புதிதாக ஒரு வெண்திட்டு தெரியும். முதல் எக்ஸ்ரே சுத்தமாகவும் இருக்கலாம், அதனால் சந்தேகம் இருந்தால் மறுபடி எடுப்பார்கள். விலா வலிக்கிறதென்று பிள்ளை ஆழமாக மூச்சு விடாததும் நெஞ்சுப் பாதிப்புக்கு ஒரு காரணம். அதனால்தான் வலி மருந்து கொடுத்து, மூச்சை இழுத்தால் பந்து ஏறும் கருவியில் விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கு ஒரு தடவை பத்து மூச்சு இழுக்கச் சொல்கிறோம். வலி மருந்து மிஞ்சி மயக்கமாகப் படுத்தாலும் மூச்சு குறையும், அதையும் கவனிக்க வேண்டும். ஆக்சிஜன், ஆன்டிபயாடிக், தேவைப்பட்டால் ரத்தம், இதுதான் வைத்தியம்.

அப்புறம், குளுக்கோஸ் பாட்டில் நிறைய ஏற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அளவு மீறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

பையனின் வழக்கமான ஹீமோகுளோபின், ரத்த வகை, நன்றாக இருக்கும்போது காட்டும் ஆக்சிஜன் அளவு மூன்றையும் அட்டையில் எழுதி அந்தக் குச்சியோடு சேர்த்து வையுங்கள். இரவு டியூட்டி டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.