அட்டெனலாலை ஏன் மாற்றினார்கள்?

"அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரையும் உண்டு. பத்து வருடமாக அட்டெனலால் 50, பிரஷர் கட்டுக்குள்தான் இருக்கிறது. புது டாக்டர் நெபிவொலால் 5 எழுதுகிறார். ஏன்?"

கையில் அளக்கும் பிரஷர் மட்டும் முழுக்கதை இல்லை. அட்டெனலால் இதயத் துடிப்பை மெதுவாக்கும், ரத்தக்குழாயைத் தளர்த்தாது. துடிப்பு நீளும்போது, கை கால்களிலிருந்து திரும்பும் அழுத்த அலை இதயம் ரத்தத்தைத் தள்ளி முடிப்பதற்குள் வந்து மோதும். அதனால் கையில் 130 காட்டினாலும் பெருந்தமனியில் அழுத்தம் அவ்வளவாகக் குறையாது. அட்டெனலாலையும் லோசார்டன் என்ற வேறொரு பிரஷர் மருந்தையும் ஒப்பிட்ட லைஃப் ஆய்வு 2002இல் வந்தது. அதில் இரு பக்கமும் பிரஷர் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் லோசார்டன் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் சுமார் 25% குறைவு. அட்டெனலால் சர்க்கரையையும் கொஞ்சம் ஏற்றும்.

நெபிவொலால் நைட்ரிக் ஆக்சைடு வழியாகவும், அதே வகை மருந்தான கார்விடிலால், குழாயைச் சுருக்கும் ஆல்ஃபா ஏற்பிகளைத் தடுப்பதன் மூலமும் குழாயை விரிக்கும். சர்க்கரையையும் அவ்வளவாகத் தொடாது. கார்விடிலாலைச் சாப்பாட்டோடு இரண்டு வேளை எடுக்கவேண்டும், எழுந்தால் தலைசுற்றலாம், ஆஸ்துமாவுக்கு ஆகாது. நெபிவொலால் ஒரு வேளை போதும். ஆனால் பக்கவாதத்தை அது கூடுதலாகத் தடுக்கும் என்று பெரிய சோதனை எதுவும் நிரூபிக்கவில்லை.

அப்புறம், அட்டெனலாலை நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். நெஞ்சுவலி வரலாம். எந்த நாள் எதை விட்டு எதைத் தொடங்குவது என்று டாக்டரிடமே கேளுங்கள்.