சமரச ஒப்பந்தத்தில் கையெழுத்துக்கு முன்: வாசகர் கேள்விகள்

கடன் வழக்கு சமரச மையத்தில் முடிந்துவிட்டது. நாலரை லட்சம், மூன்று தவணை. வரைவை எப்படிச் சரிபார்ப்பது? (மதுரை)

நீங்கள் அனுப்பிய வரைவில் எண்ணில் ரூ.4,50,000 இருக்கிறது, எழுத்தில் "நான்கு லட்சத்து ஐந்தாயிரம்" என்று இருக்கிறது. இதை முதலில் திருத்துங்கள். அடுத்த வரியில் "ஏற்கெனவே பெற்ற ரூ.50,000 போக" என்றும், அதன் கீழே தவணை தலா ரூ.1,50,000 என்றும் வருகிறது. ஐம்பதாயிரம் கழிந்தால் மீதி நான்கு லட்சம்தான். மூன்று தவணையைக் கூட்டினாலோ நாலரை லட்சம். எது பேசி முடிந்தது என்று இரு தரப்பையும் கேட்டு, மொத்தம், பெற்றது, மீதி மூன்றையும் தனித்தனி வரியில் எழுதச் சொல்லுங்கள். வட்டியும் செலவும் இதில் அடக்கமா என்பதும் அங்கேயே வர வேண்டும்.

அப்புறம் வரைவிலுள்ள தவணைத் தேதிகளை நாள்காட்டியோடு ஒப்பிடுங்கள். 10.03.2026, 10.04.2026 இரண்டும் வேலை நாள். 10.05.2026 ஞாயிறு. வங்கிக் கணக்குக்கு நெஃப்ட் மூலம் அனுப்புவதென்றால் சிக்கல் இல்லை, ஞாயிறும் பணம் போகும். டிடி என்றால் அன்று எடுக்க முடியாது. "விடுமுறை நாளானால் அடுத்த வேலை நாளில்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பெயரில் இனிஷியல் மாறியிருந்தால் பரவாயில்லையா? (திருச்சி)

விடாதீர்கள். ஒருவர் ஒப்பந்தத்தை உரக்கப் படிக்க, இன்னொருவர் வழக்குரையின் முகப்பைப் பார்த்துக்கொண்டே வரட்டும்: பெயர், தகப்பனார் பெயர், வாதியா பிரதிவாதியா, வரிசை எண். நடுவே 2வது பிரதிவாதி 1வது பிரதிவாதியாக மாறிவிட்டால் கடன் வேறு ஆளின் தலையில் விழும். பவர் ஏஜென்ட் கையெழுத்திட்டால், யாருக்காக, எந்தப் பத்திரத்தின்படி என்பதும் வேண்டும்.

"கூடிய விரைவில் அசல் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும்" என்பது போதுமா? (தஞ்சாவூர்)

போதாது. இந்த ஒப்பந்தத்தின்படிதான் நீதிமன்றம் தீர்ப்பாணை பிறப்பிக்கும். பணம் வராவிட்டாலோ பத்திரம் வராவிட்டாலோ அதை நிறைவேற்றித் தரக் கேட்டு நிறைவேற்று மனு போடுவீர்கள். அந்த மனுவை விசாரிக்கும் நீதிமன்றம் தீர்ப்பாணையில் இருப்பதைத்தான் நிறைவேற்றும், இல்லாததைச் சேர்க்காது. எனவே யார், எதை, யாரிடம், எந்தத் தேதிக்குள் என்ற நான்கும் வாக்கியத்தில் இருக்கட்டும்: "கடைசித் தவணை கிடைத்த 7 நாளுக்குள், வாதி, இந்த எண்ணுள்ள அசல் பத்திரத்தை, 1வது பிரதிவாதியிடம் ஒப்புகை பெற்றுக்கொண்டு ஒப்படைக்க வேண்டும்." "தவணை தவறினால் சட்டப்படி நடவடிக்கை" என்பதும் இதே ரகம்தான். ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே தர வேண்டுமா, எந்தத் தேதியிலிருந்து எத்தனை சதவீத வட்டி என்று எழுதுங்கள்.

கையெழுத்தான பிறகு பிழை தெரிந்தால்? (சேலம்)

நீதிமன்றம் இன்னும் தீர்ப்பாணை பிறப்பிக்கவில்லை என்றால், சமரசர் முன்னிலையில் திருத்தி இரு தரப்பும் அந்த இடத்தில் கையெழுத்திடலாம். பிறப்பித்துவிட்டால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 152-இன் கீழ் மனு போடலாம். அது எழுத்துப்பிழைக்கும் கணக்குப்பிழைக்கும் தற்செயலாக நேர்ந்த தவறுக்கும் விடுபடலுக்கும் மட்டும்தான். பேசி முடித்த தொகையையோ தவணையையோ அந்த மனுவால் மாற்ற முடியாது.