ஆன்லைனில் ஒரு கதவுப் பூட்டு பார்த்தேன். "மோர்டிஸ் லாக், பிராஸ் ஃபினிஷ், 35–45 எம்எம் கதவுக்கு, 3 சாவி" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். வாங்குவதற்கு இவ்வளவு விவரம் போதுமா?

போதாது. சாவி போகிற துண்டான சிலிண்டரின் நீளம் அதில் இல்லை. கூடவே, உங்கள் கதவின் கனத்தை நீங்கள் அளந்து பார்த்திருக்க மாட்டீர்கள் என்றும் நினைக்கிறேன். அளந்திருந்தால் கேள்வியிலேயே சொல்லியிருப்பீர்கள்.

மதுரையில் மாசி வீதிப் பக்கம் எங்களுக்கு ஹார்டுவேர் கடை இருக்கிறது. அப்பா காலத்துக் கடை. "கடைக்காரன் ஆன்லைனைத் திட்டாமல் வேறென்ன செய்வான்" என்று கீழே யாராவது எழுதுவீர்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் வாங்குவதில் எனக்கு வருத்தம் இல்லை. அங்கே வாங்கிவிட்டு, பொருந்தாத பூட்டை என் கடை மேஜையில் வைத்து "இதை என்னன்னு பாருங்க" என்கிறார்களே, அதுதான் வருத்தம். பார்த்துத்தான் கொடுக்கிறேன், அது வேறு விஷயம்.

திருநகரில் புதிதாக வீடு கட்டிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இப்படித்தான் வந்தார். நீங்கள் சொல்கிற அதே மாதிரி பூட்டு, அதே 35–45. "தம்பி, சாவி உள்ள போகுது, திரும்ப மாட்டேங்குது. டிஃபெக்டுன்னு திருப்பி அனுப்பி வேற வாங்கினேன், அதுவும் இப்படியே இருக்கு" என்றார். கதவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்த பூட்டில் கடையிலேயே சாவியைப் போட்டேன். வெண்ணெய் மாதிரி திரும்பியது. அப்போதே பூட்டில் கோளாறு இல்லை, கதவில்தான் விஷயம் என்று தெரிந்துவிட்டது.

"கதவு என்ன கனம் சார்?"

"ஒன்றரை இஞ்சுன்னு ஆசாரி சொன்னாரு."

ஒன்றரை இஞ்ச் என்றால் 38 எம்எம். 35–45 என்பதற்குள் அழகாக அடங்கும், அப்படியிருந்தால் சாவி திரும்பியிருக்க வேண்டும். துருவிக் கேட்டதும் விஷயம் வந்தது. ஆசாரி முதலில் ஒன்றரை இஞ்சில் புதுக் கதவு செய்வதாகத்தான் பேச்சு. நடுவில் காரைக்குடிப் பக்கம் இடித்த ஒரு வீட்டிலிருந்து பழைய தேக்குக் கதவு கிடைத்திருக்கிறது, இவரும் ஆசைப்பட்டு அதையே இழைத்து மாட்டச் சொல்லிவிட்டார். அந்தக் காலத்துக் கதவு இரண்டு இஞ்சுக்குக் குறையாது. வீட்டுக்குப் போய் டேப் வைத்துப் பார்த்து போனில் சொன்னார், 50 எம்எம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மோர்டிஸ் பூட்டு என்பது கதவின் ஓரத்தில் உளியால் குழி எடுத்து உள்ளே இறக்குகிற பெட்டி. சாவி போகிற பித்தளைத் துண்டு தனி. அதுதான் சிலிண்டர், கதவின் குறுக்கே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஓடும். கதவின் கனத்தோடு இரண்டு பக்கமும் கைப்பிடித் தகட்டின் கனம் சேரும், அவ்வளவையும் சிலிண்டர் தாண்டி வர வேண்டும். அவருடைய தகடு ஒரு பக்கத்துக்கு 8 எம்எம். 50-உம் 16-உம் சேர்ந்தால் 66. பெட்டியில் வந்த சிலிண்டரோ 60. ஆக, பக்கத்துக்கு 3 எம்எம் தகட்டுக்குள்ளேயே புதைந்து கிடந்தது. சாவியின் தலை தகட்டில் முட்டி நின்றுவிடும், கடைசி 3 எம்எம் உள்ளே போகாது. உள்ளே இருக்கிற பின்கள் எல்லாம் சாவியின் வெட்டுக்கு நேராக உட்கார்ந்தால்தான் சிலிண்டர் சுழலும். அந்தக் கடைசி 3 எம்எம் போகாததால் ஒவ்வொரு பின்னும் தன் வெட்டில் உட்காராமல் விலகி நிற்கிறது. பார்க்கிறவருக்குச் சாவி உள்ளே போனது போலத்தான் தெரியும்.

விளம்பரத்தில் 35–45 என்று ஏன் போட்டார்கள் என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. 45-ஐயும் 16-ஐயும் கூட்டினால் 61. 60 சிலிண்டர் அதோடு ஏறத்தாழ மட்டமாக நிற்கும். அதற்கு மேல் கனம் போனால் புதையும். 35 கதவில் அதே சிலிண்டர் பக்கத்துக்கு நாலரை எம்எம் துருத்தும். வெளிப்பக்கம் 3 எம்எம்முக்கு மேல் துருத்துவதை நான் விரும்ப மாட்டேன், ஏனென்றால் சிலிண்டரை ஒரே ஒரு திருகாணிதான் நடுவில் பிடித்திருக்கிறது, அந்தத் துளை இருக்கிற இடத்தில் பித்தளை மிக மெல்லியது. வெளியே நீண்டிருக்கிற நுனியைக் கருவியால் பற்றி அசைத்தால் அங்கேதான் முறியும். வெளிநாடுகளில் திருடர்களுக்குப் பழகிப்போன வேலை இது. மெல்லிய கதவில் நீளச் சிலிண்டர் போட்டு "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்கிறவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

ஆசிரியருக்கு என்ன செய்தோம்? பூட்டை மாற்றவில்லை. 70 எம்எம் சிலிண்டர் மட்டும் கொடுத்தேன், நடுத் துளையிலிருந்து இரு பக்கமும் 35. 66 கழித்தால் பக்கத்துக்கு 2 எம்எம் வெளியே தெரியும், அதுதான் சரியான அளவு. சிலிண்டர் தனியாகக் கிடைக்கும் என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது, முழுப் பூட்டையும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். கழற்றுவதும் சுலபம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் தெரிகிற பட்டியில், சாவித் துளைக்கு நேராக இருக்கும் நீளத் திருகாணியைக் கழற்றுங்கள். சாவியைப் போட்டு லேசாக, நிமிட முள் ஐந்து நிமிடத்துக்கு நகர்கிற அளவுக்குக்கூட வேண்டாம், திருப்பிக்கொண்டே இழுத்தால் ஓரிடத்தில் நழுவி வெளியே வரும். சிலிண்டரின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கிற நாக்கு சிலிண்டர் உடம்போடு மட்டமானால்தான் வரும், நேராக இழுத்தால் ஆயுசுக்கும் வராது. அவர் கதவில் கைப்பிடிகளுக்கு நடுவே ஓடும் சதுரக் கம்பி நல்லவேளையாக எட்டியது. கனமான கதவில் அதையும் பார்க்க வேண்டும். கம்பி குட்டையாக இருந்தால் ஒரு பக்கக் கைப்பிடி ஆடிக்கொண்டே இருக்கும்.

அவர் வந்த அன்று கடை வாசலில் வண்டி நிறுத்த இடமில்லாமல் இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர். தெருவைத் தோண்டுகிறார்கள், மூடுகிறார்கள், மறுபடி தோண்டுகிறார்கள். ஒரு திருகாணி வாங்க இவ்வளவு கஷ்டப்பட்டு யார் வருவார்கள்? பிறகு ஏன் எல்லாரும் ஆன்லைனுக்குப் போகிறார்கள் என்று வியாபாரிகள் கூட்டத்தில் பேச்சு வேறு. சரி, இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது.

அடுத்து "பிராஸ் ஃபினிஷ்". ஃபினிஷ் என்றாலே மேல்பூச்சுதான், பித்தளையால் செய்தது என்று அவர்கள் சொல்லவில்லை, நீங்களாக நினைத்துக்கொள்வீர்கள். காந்தம் வைத்துப் பார் என்று சொல்வார்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, அது சரி. ஒட்டாவிட்டால் பித்தளை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இப்போது கைப்பிடிகள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்க்கிறார்கள், அதிலும் காந்தம் ஒட்டாது. தகட்டைக் கவிழ்த்து, பின்பக்கம் கண்ணில் படாத மூலையில் ஆணியால் ஒரு கீறல் போடுங்கள். மஞ்சளாகவே இருந்தால் பித்தளை, சாம்பல் வெள்ளையாகத் தெரிந்தால் கலவை. கலவை என்பதற்காக மோசம் என்று சொல்லவில்லை. உள்ரூம் கதவுக்குத் தாராளமாகப் போதும். விலையைப் பித்தளைக்குக் கொடுத்துவிடாதீர்கள், அவ்வளவுதான். சிலிண்டர் மட்டும் பித்தளையாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், தினமும் தேய்கிற இடம் அது.

தொங்கு பூட்டு விளம்பரங்களிலும் சிலர் "கதவுக் கனம்" என்று ஒரு எண் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஏதோ வேறு பூட்டின் விவரத்தைக் காப்பியடித்து ஒட்டியிருக்கிறார்கள். தொங்கு பூட்டு நாதாங்கியில் தொங்குவது, கதவின் கனம் அதற்கு எதற்கு? அங்கே பார்க்க வேண்டியது வளையக் கம்பியின் கனமும் உங்கள் நாதாங்கித் துளையும்தான். "50 எம்எம்" என்று போட்டிருந்தால் அது உடம்பின் அகலம், கம்பியின் அளவு அல்ல. கேட்டுக்குத் தொங்கு பூட்டுதான் வேண்டும் என்றால் ஒரு பஸ் ஏறி திண்டுக்கல் போய் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். புவிசார் குறியீடு 2019-இல் கிடைத்தது, பூட்டு அதற்கு ரொம்ப முன்பே பேர் வாங்கிவிட்டது. கையால் செய்கிற லீவர் பூட்டில் சாவியைத் திருப்பும்போது உள்ளே தகடுகள் ஒன்றாக எழும்புவது விரலுக்கே தெரியும்.

கடைசியாக அந்த "3 சாவி". மூன்று போதுமா என்பது உங்கள் வீட்டில் எத்தனை பேர் தனித்தனியாக வெளியே போய் வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் கேட்கச் சொல்வது வேறு. சாவி பல் வெட்டிய பழைய வகையா, தட்டையான பக்கத்தில் குழி குழியாக இருக்கிற வகையா? பல் சாவியை எந்தத் தெருமுனைச் சாவிக்காரரும் நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார். குழிச் சாவிக்கு அதற்கான மெஷின் வேண்டும், எல்லாரிடமும் இல்லை. ஆசாரியிடம் ஒரு சாவி, பெயிண்டரிடம் ஒரு சாவி என்று கொடுத்து வைக்கிற ஆளாக நீங்கள் இருந்தால் குழிச் சாவிதான் நல்லது, சுலபத்தில் யாரும் இன்னொன்று போட்டுக்கொள்ள முடியாது. உள்பக்கமும் சாவியா, திருகுகுமிழா என்பதையும் கேளுங்கள். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் குமிழ் போடுங்கள், ராத்திரியில் அவசரத்துக்குச் சாவி தேடி அலைய வேண்டியிருக்காது. ஒருவேளை சிலிண்டரை மாற்ற நேர்ந்தால், புதுச் சிலிண்டரோடு வருகிற சாவிதான் கணக்கு. பழைய மூன்றையும் ஆணியில் மாட்டி வைத்துக் குழம்பாதீர்கள், ஆசிரியர் வீட்டில் ஒரு வாரம் அந்தக் குழப்பம் ஓடியதாம்.

வாங்கிய பிறகு சாவி இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். எங்கள் ஊர்த் தூசிக்கு அது உள்ளே பிசினாகி பின்களைப் பிடித்துக்கொள்ளும். கிராஃபைட் தூள் கடைகளில் கிடைக்கும், சாவியில் தடவி நாலு தடவை போட்டு எடுத்தாலே போதும்.

இப்போதைக்குக் கதவைத் திறந்து, டேப்பை ஓரத்தில் வைத்துக் கனத்தை எம்எம்மில் எடுங்கள். விற்பவரிடம் சிலிண்டர் நீளமும் தகட்டின் கனமும் கேளுங்கள். மூன்று எண்ணையும் கீழே எழுதினால் பொருந்துமா என்று சொல்கிறேன். 30-க்குக் கீழே வந்தால் எழுதவே வேண்டாம், அந்தக் கதவில் மோர்டிஸுக்குக் குழி எடுத்தால் இரு பக்கமும் பலகை அட்டை போல ஆகிவிடும், மேலே பதிக்கிற நைட் லாட்ச் பாருங்கள்.